ஒருவழிக் கல்லா

கேசினோவில் இருக்கும் ஸ்லாட் இயந்திரம், போக்கர், ரூலெட், பிளாக்ஜாக் ஆகியவற்றை அப்படியே கைப்பேசிக்குள் கொண்டுவந்து, பணத்துக்குப் பதிலாகத் திரையில் மட்டும் இருக்கும் நாணயங்களை வைத்து ஆடச் சொல்பவை சோஷியல் கேசினோ விளையாட்டுகள். ஸ்லாட்டோமேனியா, டபுள்டவுன் கேசினோ, பிக் ஃபிஷ் கேசினோ, ஜிங்கா போக்கர் ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. செயலியை இறக்கக் கட்டணம் இல்லை. உள்ளே நுழைந்ததுமே லட்சக்கணக்கில் நாணயம் இலவசமாகக் கிடைக்கும். அது தீர்ந்தால் சில மணி நேரம் காத்திருந்து அடுத்த இலவசப் பங்கை வாங்கிக்கொள்ளலாம். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் உண்மையான பணம் கொடுத்து நாணயம் வாங்கலாம். ஆனால் எத்தனை கோடி நாணயம் ஜெயித்தாலும் அதை ஒரு ரூபாயாகக்கூட மாற்ற முடியாது.

சூதாட்டம் என்பதைப் பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் மூன்று அடையாளங்களை வைத்துச் சொல்கின்றன. ஆடுபவர் மதிப்புள்ள ஒன்றைப் பணயம் வைக்க வேண்டும். முடிவு அதிர்ஷ்டத்தின் கையில் இருக்க வேண்டும். ஜெயித்தால் மதிப்புள்ள ஏதோ ஒன்று கிடைக்க வேண்டும். சோஷியல் கேசினோவில் அதிர்ஷ்டம் உண்டு. நாணயம் வாங்கியவருக்குச் செலவும் உண்டு. மூன்றாவதுதான் இல்லை. அந்த ஒரு குறையைக் காட்டித்தான் இந்த நிறுவனங்கள் தங்கள் தொழிலைச் சூதாட்டம் அல்ல, பொழுதுபோக்கு என்கின்றன.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒருவர் நிஜ ஸ்லாட் இயந்திரத்தில் 300 ரூபாயோடு உட்கார்ந்து, ஒரு சுழற்றலுக்கு ஒரு ரூபாய் வைக்கிறார் என்று கொள்வோம். வைக்கும் பணத்தில் சராசரியாக 95 சதவீதத்தைப் பரிசாகத் திருப்பித் தருவது அந்த இயந்திரத்தின் அமைப்பு. அப்படியானால் ஒவ்வொரு சுழற்றலிலும் சராசரியாக ஐந்து காசு கரையும். 1,000 சுழற்றல் முடியும்போது 50 ரூபாய் போயிருக்கும். மீதி 250 ரூபாயை எடுத்துக்கொண்டு அவர் எழுந்து போகலாம். இது சராசரிக் கணக்குதான். நடைமுறையில் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் விடுபவரும் உண்டு, ஆயிரம் ரூபாயோடு கிளம்புபவரும் உண்டு.

இன்னொருவர் அதே 300 ரூபாய்க்குச் சோஷியல் கேசினோவில் 30 லட்சம் நாணயம் வாங்கி, சுழற்றலுக்குப் பத்தாயிரம் வைக்கிறார். இங்கும் 95 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டால், 1,000 சுழற்றலுக்குப் பின் அவரிடம் 25 லட்சம் நாணயம் இருக்கும். திரையில் பார்த்தால் இருவர் நிலையும் ஒன்றுதான். ஆனால் இவருடைய 300 ரூபாய், நாணயம் வாங்கிய அந்த நொடியிலேயே முழுசாகப் போய்விட்டது. மிச்சம் இருக்கும் 25 லட்சம், இன்னும் கொஞ்ச நேரம் ஆடுவதற்கான அனுமதி மட்டுமே. நிஜச் சூதாட்டத்தில் பணம் போகலாம், வரலாம். சோஷியல் கேசினோவில் ஜெயிப்பதற்குக் கிடைக்கும் பலன் கூடுதல் ஆட்டம் மட்டும்தான். இந்தக் கல்லா உள்ளே வாங்கும், வெளியே கொடுக்காது. அதனால் பெரிய தொகையை ஒரே இரவில் துரத்திக் கடனாளியாகும் ஆபத்து இங்கே இல்லை என்று நிறுவனங்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. துரத்துவதற்குத் தொகையே இல்லை. ஆனால் வாங்குவதற்கும் மேல்வரம்பு இல்லை என்பதை அந்த வாதம் சொல்லாமல் விடுகிறது.

இந்த ஒருவழி அமைப்பால் இன்னொரு விளைவும் உண்டு. அது வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. நிஜ கேசினோவில் யாராவது ஜாக்பாட் அடித்தால் அந்தப் பணம் முதலாளியின் பெட்டியிலிருந்து போகும். அதனால்தான் அங்கே வெற்றி வாய்ப்பைத் துல்லியமாகக் கணக்கிட்டு வைக்கிறார்கள். அரசும் அதைச் சோதிக்கிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஸ்லாட் இயந்திரம் குறைந்தது 75 சதவீதத்தையாவது திருப்பித் தந்தாக வேண்டும் என்பது விதி. இயந்திரத்தின் மென்பொருளுக்கும் ஒப்புதல் பெற வேண்டும். சோஷியல் கேசினோவில் நாணயம் என்பது கணினியில் பதிவாகும் ஓர் எண். ஒரு கோடி நாணயத்தை அள்ளிக் கொடுத்தாலும் நிறுவனத்துக்குக் காலணா செலவில்லை. ஆகவே புதிதாக வந்தவருக்கு நூறு வைத்தால் நூற்றிருபது வரும்படி அமைக்க முடியும். பிறகு அதை இறக்கவும் முடியும். சூதாட்ட உரிமத்தின் கீழ் வராத விளையாட்டு என்பதால் சூதாட்ட ஆணையம் எதுவும் அதைப் பார்ப்பதில்லை.

அள்ளிக் கொடுத்த நாணயம் எப்படிக் கரைகிறது? பெரும்பாலும் தோல்வியால் அல்ல, பணயத்தின் அளவு ஏறுவதால். ஆடுபவர் நிலை உயர உயர, புதிய இயந்திரங்களும் பெரிய பணயங்களும் திறக்கும். பெரிய பணயம் வைத்தால்தான் சிறப்புப் பரிசு என்ற நிபந்தனையும் சேரும். மேலே சொன்னவர் பத்தாயிரம் வைத்தபோது அவருடைய 30 லட்சம் சராசரியாக 6,000 சுழற்றலுக்கு வரும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல். பணயத்தை ஒரு லட்சமாக ஏற்றினால் 600 சுழற்றல், ஐம்பது நிமிடம். ஐந்து லட்சமானால் பத்தே நிமிடம். இயந்திரத்தின் சதவீதம் துளியும் மாறவில்லை, ஆனால் அதே 300 ரூபாய் வாங்கித் தரும் நேரம் எட்டு மணியிலிருந்து பத்து நிமிடத்துக்குச் சுருங்கிவிட்டது. திரையில் கோடிகள் மின்னும்போது இது கண்ணில் படாது. ஆடுபவர் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, நாணயக் கணக்கை மறந்துவிட்டு, கையிருப்பு இன்னும் எத்தனை பணயத்துக்கு வரும் என்று வகுத்துப் பார்ப்பதுதான்.

ஆடுபவர்களில் பெரும்பாலோர் ஒரு காசும் கொடுப்பதில்லை. நூற்றில் ஒரு சிலர் கொடுப்பதில்தான் தொழில் நடக்கிறது. அந்தச் சிலரிலும் அதிகம் கொடுப்பவர்களுக்கு விஐபி அந்தஸ்து, தனிச் சலுகை, தனி உபசரிப்பு என்று கேசினோ மரபு அப்படியே தொடர்கிறது. பணம் கொடுத்து நாணயம் வாங்கும் பழக்கத்துக்கும் நிஜச் சூதாட்டத்துக்கும் உள்ள தொடர்பை கனடா ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வு தொட்டுக் காட்டியது. அதுவரை இணையச் சூதாட்டம் ஆடாத 409 சோஷியல் கேசினோ ஆட்டக்காரர்களை ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, சுமார் 26 சதவீதம் பேர் நிஜப் பணச் சூதாட்டத்துக்குப் போயிருந்தார்கள். யார் போவார் என்பதைத் தனித்து முன்னறிவித்தது ஒரே காரணிதான்: விளையாட்டுக்குள் பணம் கொடுத்து வாங்கிய பழக்கம்.

'ஜெயித்தால் மதிப்புள்ளது எதுவும் கிடைப்பதில்லை' என்ற வாதம் வாஷிங்டன் மாநிலத்தில் உடைந்தது. பிக் ஃபிஷ் கேசினோவில் ஆயிரம் டாலருக்கு மேல் இழந்த ஒரு பெண், அந்நிறுவனத்தை அப்போது வைத்திருந்த சர்ச்சில் டவுன்ஸ் மீது 2015இல் வழக்குத் தொடர்ந்தார். கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தை நடத்துவதும் இதே சர்ச்சில் டவுன்ஸ்தான். சூதில் இழந்ததைத் திரும்பப் பெற அந்த மாநிலத்தில் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2018 மார்ச்சில் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது.

தீர்ப்பு நின்றது ஒரு சொற்றொடரின் மேல். வாஷிங்டன் சட்டம் 'மதிப்புள்ள பொருள்' என்பதற்குள் பணத்தையும் சொத்தையும் மட்டும் வைக்கவில்லை. கட்டணமின்றி ஓர் ஆட்டத்தை ஆடும் சலுகையையும் சேர்த்திருந்தது. சிப் இல்லாமல் பிக் ஃபிஷ் கேசினோவில் ஆட முடியாது, சிப்பை ஜெயித்தால் காசு கொடுக்காமல் மேலும் ஆடலாம். ஆகவே சிப்பே மதிப்புள்ள பொருள் என்றது நீதிமன்றம். சிப்பைப் பிறருக்கு மாற்றி வெளியே கள்ளச்சந்தையில் விற்கிறார்களே, அதனாலும் மதிப்பு உண்டல்லவா என்ற வாதத்தை மட்டும் ஏற்கவில்லை. பயன்பாட்டு விதிகள் அதைத் தடை செய்திருந்தன. 2020இல் வழக்கு 15.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இதே வழியில் வந்த டபுள்டவுன் வழக்கில் 2022இல் 41.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

மற்ற மாநிலங்களில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. மேரிலாந்து சட்டத்தின் கீழ் வந்த வேறொரு விளையாட்டு வழக்கில், பணமாக மாற்ற முடியாத நாணயத்தை இழந்தவர் பணத்தை இழந்ததாகாது என்று நான்காம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் சொன்னது. விளையாட்டின் இயல்பு ஒன்றே. சட்டத்தில் மதிப்பு என்ற சொல்லுக்கு எழுதிவைத்த விளக்கம் வேறு, முடிவும் வேறாகிவிட்டது. ஆஸ்திரேலியா இந்தச் சொல் வழக்குக்குள்ளேயே போகாமல் வேறு பக்கமாக வந்தது. சூதாட்டத்தைப் போலவே தோன்றும் விளையாட்டு எதுவாக இருந்தாலும், பரிசாகப் பணம் இல்லாவிட்டாலும், 2024 செப்டம்பர் முதல் அங்கே வகைப்படுத்தப்படுபவை 18 வயதானவர்களுக்கு மட்டும் என்ற தரம் பெறுகின்றன.

நடுவில் ஒரு கலப்பினமும் உண்டு. அமெரிக்காவில் 'ஸ்வீப்ஸ்டேக்ஸ் கேசினோ' எனப்படும் தளங்கள் இரண்டு வகை நாணயம் வைத்திருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் தங்க நாணயத்துக்கு மதிப்பில்லை. அதோடு இனாமாக வரும் இன்னொரு நாணயத்தை ஆடிப் பெருக்கினால் பணமாக மாற்றிக்கொள்ளலாம். வாங்கிய நாணயம் பணமாவதில்லை, பணமாகும் நாணயத்தை வாங்கவில்லை என்பது சாமர்த்தியமான விளக்கம். கலிபோர்னியா அதை ஏற்கவில்லை. 2025இல் சட்டம் போட்டு 2026 ஜனவரி முதல் தடை செய்தது. கல்லா வெளிப்பக்கமும் திறக்கிறதா என்பதுதான் சோதனை என்றால், இவை சோஷியல் கேசினோ அல்ல, சூதாட்டம்.

இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும் இதே கோட்டைத்தான் வரைய முயல்கிறது. திறமையோ அதிர்ஷ்டமோ, கட்டணமோ பணயமோ செலுத்திப் பண ஆதாயம் உள்ளிட்ட பலனை எதிர்பார்த்து ஆடுவது 'இணையப் பண விளையாட்டு', அதற்குத் தடை. பணயமும் பண ஆதாய எதிர்பார்ப்பும் இல்லாமல் பொழுதுபோக்குக்காக ஆடுவது 'இணையச் சமூக விளையாட்டு', அதற்கு அனுமதி. அதற்குச் சந்தாவோ ஒருமுறைக் கட்டணமோ வாங்கலாம், அது பணயமாக இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. இடையில் ஒரு விளக்கம் இருக்கிறது. பணத்துக்கு ஈடாகக் கருதப்படுவதோ பணமாக மாற்றக்கூடியதோ எதுவானாலும் அது 'இதரப் பணயம்'. விளையாட்டுக்காகக் காசு கொடுத்து வாங்கிய நாணயமும் டோக்கனும், நிஜமோ மெய்நிகரோ, அதற்குள் அடங்கும். இலவச நாணயத்தில் மட்டும் ஆடும் செயலிக்கு இதனால் சிக்கல் இல்லை. நாணயம் விற்கும் செயலியிலோ, பணயம் வைத்தாயிற்றா என்ற கேள்விக்கு ஆம் என்ற பதிலே நெருங்கி வருகிறது; ஜெயித்தால் கிடைக்கும் கூடுதல் ஆட்டம் அந்தச் சட்டம் சொல்லும் பலன்தானா என்பது, வாஷிங்டனில் எழுந்த அதே கேள்வி.