அமுக்கரா பாட்டிலுக்கு ஒரு நல்ல படம்

பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில் ஒன்று மேசையில் நிற்கிறது. உள்ளே அறுபது கேப்சூல். லேபிளில் அமுக்கரா வேரின் சாரம் என்று இருக்கிறது. வடக்கே அஸ்வகந்தா என்பார்களே, அதே வேர்தான். ஆன்லைன் கடையில் போட அதற்கு ஒரு படம் வேண்டும். படமெடுக்க வந்தவர்களில் ஒருவர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டி பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிறார். படம் எடுப்பாகத்தான் வருகிறது. ஆனால் லேபிளில் ஓர் எழுத்துகூட மாறாமல், உணவுப்பொருள் ஒன்று மருந்தாகத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது.

உணவுப்பொருள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பாட்டிலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது உணவு. சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு வேறு சட்டம், வேறு உரிமம். இத்தகைய சப்ளிமென்ட்களுக்காக 2016-இல் வந்த விதிமுறைகள், 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்', அதாவது மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்ற வாசகத்தை லேபிளில் எடுப்பாக அச்சிடச் சொல்கின்றன. 2018-இன் விளம்பர விதிமுறைகள், நோயைத் தடுக்கும், தணிக்கும், குணப்படுத்தும் என்று உணவுப்பொருளுக்குச் சொல்லக் கூடாது என்கின்றன. டாக்டர்கள் பரிந்துரைத்தது என்ற தோற்றத்தைக்கூடத் தரக் கூடாது. அந்த ஸ்டெதஸ்கோப் தருவது சரியாக அந்தத் தோற்றத்தைத்தான்.

வார்த்தையில் சொன்னால்தானே குற்றம், படத்துக்கு என்ன என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் விளம்பரம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் லேபிளும் மேலுறையும் அடங்கும். ஒளி, ஒலி, புகை மூலம் பரப்பும் அறிவிப்பும் அடங்கும். அதன் அட்டவணையில் 54 நோய்களும் உடல்நிலைகளும் இருக்கின்றன. நீரிழிவு, ரத்த அழுத்தம், உடல் பருமன் எல்லாம் அதில் உண்டு. இவற்றைத் தீர்ப்பதாக எந்தப் பொருளையும் விளம்பரம் செய்யக் கூடாது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வந்த விதி இதை இன்னும் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது: படமோ சின்னமோ ஒரு நோயைச் சுட்டினால், அது நோயைப் பற்றிய கூற்றாகவே கொள்ளப்படும். நம் ஊரில் தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சரி, ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாயிற்று. அந்த இடத்தில் வேறு என்ன வைப்பது?

பலருடைய கை முதலில் போவது கல்வத்துக்குத்தான். கறுப்புக் கல், நடுவில் குழவி, பார்க்க அழகு. ஆனால் கல்வம் சித்த மருத்துவர் மருந்து அரைக்கும் பாத்திரம். தமிழ் வாசகர் அதைப் பார்த்ததும் வைத்தியத்தைத்தான் நினைப்பார். சட்டம் அதைத் தடுக்கவில்லை என்றாலும், உணவு உரிமம் வாங்கிய பொருளுக்கு அது பொருந்தாத அலங்காரம். சிவப்புச் சிலுவையோ வெளிப்படையான சட்ட மீறல். 1960-இன் ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அந்தச் சின்னத்தை யாரும் எதற்கும் பயன்படுத்தக் கூடாது. இடுப்பைச் சுற்றிய இஞ்ச் டேப், முழங்காலில் ஒளிரும் செந்நிற வட்டம், இரண்டு உடம்பை அருகருகே காட்டும் 'முன்–பின்' படம் ஆகியவையும் அதே வகைதான். வாயால் சொல்லத் துணியாததைச் சொல்லவே இவை வைக்கப்படுகின்றன.

தூக்கம் சம்பந்தப்பட்ட படங்களில்தான் கோடு மெல்லியது. அமுக்கராவை இரவில் எடுத்துக்கொள்பவர்கள் பலர் என்பதால் கட்டில், நிலா, விளக்கு என்று படம் போகும். சுவர்க் கடிகாரம் மூன்று மணி காட்ட, கண்ணை அகலத் திறந்துகொண்டு ஒரு பெண் படுத்திருந்தால் அது தூக்கமின்மையின் படம். பக்கத்தில் நிற்கும் பாட்டில் அதற்கு மருந்து என்று ஆகிவிடும். அதே பாட்டில் இரவு விளக்கின் அருகே, தண்ணீர் டம்ளரோடு இருந்தால், எடுத்துக்கொள்ளும் நேரத்தை மட்டும் சொல்கிறது. முதல் படத்தில் ஒரு நோயாளி இருக்கிறார், இரண்டாவதில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் லேபிள் இரவு நேரத்தைச் சொல்லியிருந்தால் மட்டுமே அந்த இரண்டாவது படத்துக்கும் நியாயம் உண்டு.

ஆகவே நல்ல படம் பொருளிலிருந்தே பிறக்க வேண்டும். அமுக்கரா பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கம் விளைகிறது. காய்ந்த வேர் விரல் நீளம், வெளியில் மங்கிய பழுப்பு, ஒடித்தால் உள்ளே வெண்மை. மேலே நீளவாக்கில் சுருக்கங்கள். இந்தச் சுருக்கங்களை நன்றாகக் காட்டுவதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. வேரை ஒரு மூங்கில் முறத்தில் பரப்பி, பக்கவாட்டில் இருந்து தாழ்வாக வெளிச்சம் விழச் செய்தால் போதும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் அடியில் ஒரு சின்ன நிழல் விழும். பார்ப்பவருக்குத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

இங்கே பலர் தவறுவது நிறத்தில். இயற்கை என்றாலே பச்சை என்று ஒரு பழக்கம் ஏறிவிட்டது. பாட்டிலைச் சுற்றி இலைகளைக் குவிப்பார்கள். செடியின் செம்மஞ்சள் பழத்தை வைப்பார்கள். கேப்சூலுக்குள் இருக்கும் பொடியையும் கம்ப்யூட்டரில் பச்சையாக்குவார்கள். உள்ளே இருப்பது வேரின் சாரம் மட்டும். பொடி இளம் பழுப்பு. இலையைக் காட்டினால், இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொன்னதாகும். கேப்சூலின் உறை ஜெலட்டின் என்றால் அது விலங்குத் தோலிலும் எலும்பிலும் இருந்து வந்தது. பச்சை இலைகளுக்கு நடுவே அதை வைப்பது சைவம் சாப்பிடுபவரை ஏமாற்றுவது. லேபிளில் அசைவக் குறியீடான பழுப்பு முக்கோணம் இருந்தால் படத்திலும் அது தெரியட்டும்.

பாட்டிலைப் படமெடுப்பதும் தனி வேலை. பழுப்புக் கண்ணாடிக்கு முன்னால் இருந்து வெளிச்சம் கொடுத்தால் கறுப்பாகத் தெரியும். பாட்டிலின் பின்னால், அதன் வடிவத்திலேயே கொஞ்சம் சிறிதாக வெட்டிய வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தால், அதில் பட்ட வெளிச்சம் கண்ணாடி வழியாக வந்து தேன் நிறம் கொடுக்கும். இரு ஓரங்களிலும் கறுப்பு அட்டை நிறுத்தினால் விளிம்பு கூர்மையாகும். லேபிளில் பளபளப்பு விழுந்தால் பாட்டிலைச் சற்றே திருப்பலாம். ஆனால் திருப்பும்போது மருந்து அல்ல என்ற வாசகம் பின்பக்கம் ஒளிந்துவிடக் கூடாது. அது முன்பக்கத்தில் இல்லாத லேபிள் என்றால், பின்பக்கத்துக்கும் தனிப் படம் எடுத்து அதே பக்கத்தில் போட வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் முக்கியமானது. கேப்சூல்களை உள்ளங்கையில் குவித்துக் காட்டுவது அழகுக்காகத்தான். லேபிள் ஒரு நாளைக்கு இரண்டு என்று சொல்லும்போது கையில் ஏழெட்டு இருந்தால், அளவைப் பற்றிப் படம் தவறாகச் சொல்லிக்கொடுக்கிறது. கையில் இரண்டே இரண்டு இருக்கட்டும். அந்தக் கை குழந்தையின் கையாகவோ, அருகில் கர்ப்பிணியாகவோ இருக்கக் கூடாது. கர்ப்ப காலத்தில் அமுக்கரா வேண்டாம் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள்.

படம் முடிந்ததும் அதைச் செல்போனில் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, லேபிளைக் கட்டைவிரலால் மறைத்து, வேலையில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் இது எதற்கு என்று கேட்டுப் பார்க்கலாம். மூட்டுவலிக்கு, சுகருக்கு, எடை குறைய என்று பதில் வந்தால் மேசையில் எதையோ எடுக்க மறந்திருக்கிறார்கள். முறமும் வேரும் தேன்நிற பாட்டிலும் மட்டும் இருக்கிற படத்தைப் பார்த்தவர், ஏதோ வேரில் செய்த கேப்சூல் போலிருக்கிறது என்பார். கட்டைவிரலை எடுத்து லேபிளைக் காட்டினால், மீதியை அதுவே சொல்லிக்கொள்ளும்.