படம் வரும் முன்னே

“அக்கா, ஒரு ஜாக்கெட் தைக்கணும். மாடல் போட்டோ மக போன்ல இருக்கு, சாயங்காலம் அனுப்புவா.”

“கை எதுவரைக்கும்மா?”

“முழங்கை வரைக்கும்.”

தையல்கார அக்கா துணியை டேப்பில் அளந்தார். 80 சென்டிமீட்டர்தான்.

“இதுல குட்டைக் கைதான் வரும். முழங்கைக்கு ஒரு மீட்டர் வேணும். கழுத்து?”

“முன்னாடி போட் நெக், பின்னாடி நல்ல இறக்கம்.”

“ரெண்டும் அகலமா வெச்சா தோள் நழுவும். பின்னால கயிறு வெக்கணும். படத்துல முதுகு தெரியுதா?”

“இல்லையே…”

இங்கேதான் சிக்கல். பல படங்களில் முன்பக்கம் மட்டும்தான் இருக்கும். மீதி தையல்காரரின் ஊகம். இறக்கம் குறைந்தால் இன்னும் வெட்டிக்கொள்ளலாம். கூடிவிட்டால், ஒட்டுப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

படம் வரும்வரை கத்தரி வைக்கச் சொல்லாதீர்கள். கச்சிதமாகப் பொருந்தும் அளவு ஜாக்கெட் ஒன்றையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.