வெறும் வயிறு என்ற 'சின்ன' மாற்றம்

ஒரு மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோயாளிகளிடம் ஆய்வு நடப்பதாக வைத்துக்கொள்வோம். 120 பேர் வேண்டும். 40 பேர் சேர்ந்தாயிற்று. எத்திக்ஸ் கமிட்டி அனுமதித்தது ஹெச்பிஏ1சி பரிசோதனையை மட்டும். அதற்குச் சாப்பிட்டுவிட்டே வரலாம். இப்போது ஆய்வாளருக்கு ரத்தக் கொழுப்பையும் பார்க்க ஆசை. இன்னொரு குழாயில் 3 மில்லி ரத்தம் வேண்டும், அதுவும் வெறும் வயிற்றில்.

உடனே தொடங்கிவிட முடியாது. ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளின்படி, அனுமதி பெற்ற ஆய்வுத் திட்டத்தை மாற்றினால் மறுபடியும் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும். பங்கேற்பவருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் முதலில் தடுத்துவிட்டுப் பிறகு தெரிவிக்கலாம். ஒப்புதல் இல்லாமல் ஏற்கெனவே செய்துவிட்டால் அது விதிமீறல். அதைத் திருத்தக் கோரிக்கை போல எழுதி மறைக்கக் கூடாது.

ஆய்வாளர் முதலில் எழுதும் கடிதம் பெரும்பாலும் இரண்டே வரிதான்: 'ரத்தம் எடுக்கும் நேரத்தில் சிறு மாற்றம். ஒப்புதல் அளிக்க வேண்டுகிறோம்.' கமிட்டி இதைத் திருப்பி அனுப்பினால் நியாயம்தான். இன்சுலின் போடுகிறவர் காலையில் பட்டினியோடு பஸ் ஏறி, பத்து மணி வரை வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கி மயங்கலாம். கூடுதலாக எடுக்கும் ரத்தத்தைவிட இதுதான் பெரிய ஆபத்து. 'சிறு' என்ற சொல் அதை மூடிவிடுகிறது.

நல்ல கடிதம் உறுப்பினர் செயலருக்கு இப்படிப் போகும்: அனுமதி எண், திட்டத்தின் பழைய பதிப்பு எண்ணும் தேதியும், புதிய பதிப்பு எண்ணும் தேதியும். பழைய நடைமுறையும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில். பிறகு காரணம். அதன்பின் ஆபத்தும் ஏற்பாடும்: காலை எட்டரைக்குள் ரத்தம் எடுப்போம், காலை இன்சுலினை, சிகிச்சை தரும் மருத்துவர் சொல்கிறபடி, ரத்தம் கொடுத்த பிறகு உணவோடு போடச் சொல்வோம், குளுக்கோமீட்டரும் குளுக்கோஸும் கைவசம் இருக்கும், சிற்றுண்டி எங்கள் செலவு. திருத்திய இடங்கள் தெரியும்படி ஒரு பிரதியும், புதிய தகவல் தாளும், ஒப்புதல் படிவமும் தமிழில் இணைக்கப்படும்.

கடிதங்களில் வழக்கமாக விட்டுப்போவது அந்த 40 பேர்தான். அவர்கள் கையெழுத்துப் போட்டது பட்டினிக்கு அல்ல. புதிய ரத்தம் வேண்டுமென்றால் அவர்களிடம் மறுபடி விளக்கிச் சம்மதம் கேட்க வேண்டும். மறுப்பவர் பழையபடியே ஆய்வில் தொடரலாம் என்றும் கடிதம் சொல்ல வேண்டும். அப்படியானால் கொழுப்புக் கணக்கு எத்தனை பேருக்கு முழுமையாகக் கிடைக்கும்? அதற்கும் ஒரு வரி தேவை.

இவ்வளவும் எழுதியபின் கமிட்டியில் ஒருவர் கேட்கக்கூடும்: கொழுப்புப் பரிசோதனைக்குப் பட்டினி அவசியமா? 2016-இல் ஐரோப்பிய நிபுணர் குழு, சாப்பிட்ட பின் எடுத்த ரத்தமே பெரும்பாலோருக்குப் போதும், டிரைகிளிசரைடு 440-ஐத் தாண்டினால் வெறும் வயிற்றில் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆய்வாளரிடம் இதற்குப் பதில் இல்லையென்றால் பட்டினி நீங்கும், 3 மில்லி மட்டும் மிஞ்சும், கடிதம் இன்னொரு பதிப்பு எண்ணோடு திரும்பவும் போகும்.