ஒரு படத்தைச் சாய்த்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் என்ன நேர்கிறது?

கோணலாக எடுத்த புகைப்படத்தைக் கைப்பேசியில் இரண்டு விரலால் திருப்பி நேராக்குகிறோம். நம் கண்ணுக்குப் படம் முழுவதும் ஒரு தாளைப் போலத் திரும்புகிறது. ஆனால் கணினியிடம் தாள் கிடையாது. வரிசை வரிசையாக எண்களைக் கொண்ட கட்டங்கள்தான் இருக்கின்றன. அந்தக் கட்டங்கள் சாய முடியாது. அவை இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றுக்குள் இருக்கும் எண்களை மட்டும் புதிதாகக் கணக்கிட்டு எழுத வேண்டும். அதற்கான இரண்டு பழைய வழிகளான நியரஸ்ட் நெய்பர், பைலீனியர் ஆகியவற்றை ஒரு சிறிய படத்தில் கையாலேயே கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஐந்துக்கு ஐந்து கட்டம் கொண்ட கறுப்புப் படம். நடு நெடுவரிசையில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு வெளிச்சக் கோடு. கறுப்புக்கு 0, வெளிச்சத்துக்கு 100.

```
0  0  100  0  0
0  0  100  0  0
0  0  100  0  0
0  0  100  0  0
0  0  100  0  0
```

நட்ட நடுக் கட்டத்தை (0, 0) என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் வலப்பக்கம் போகப் போகக் கூடும். இரண்டாவது எண் கீழே போகப் போகக் கூடும். ஆக, கோட்டின் மேல்முனை (0, −2). இந்தப் படத்தைக் கடிகாரம் சுற்றும் திசையில் சுமார் 36.87 பாகை திருப்பப் போகிறோம். இந்த விசித்திரமான கோணத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பள்ளியில் படித்த 3, 4, 5 செங்கோண முக்கோணத்தின் கோணம் அது. அதன் கொசைன் 0.8, சைன் 0.6. கணக்கு கையடக்கமாக இருக்கும்.

முதலில் தோன்றும் வழி, பழைய பிக்சல் ஒவ்வொன்றும் எங்கே போகும் என்று கண்டு அங்கே கொண்டுபோய் வைப்பது. அது பல கோணங்களில் காலை வாரிவிடும். 45 பாகை திருப்பினால் (1, 0), (2, 0) என்ற இரண்டு பிக்சல்களும் முழு எண்ணாக்கும்போது (1, 1) என்ற ஒரே கட்டத்தில் போய் விழுகின்றன. (0, 2) என்ற கட்டத்துக்கோ யாருமே வருவதில்லை. படத்தில் அது கறுப்பு ஓட்டையாகத் தெரியும். அதனால் நடைமுறையில் கேள்வியைத் தலைகீழாகக் கேட்கிறார்கள். புதிய படத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, ‘பழைய படத்தில் எந்த இடத்திலிருந்து என் எண் வர வேண்டும்?’ என்று பின்னோக்கிப் போகிறார்கள். இப்படிச் செய்தால் எந்தக் கட்டமும் விடுபடாது. நம் கோணத்துக்கு அந்தக் கணக்கு இதுதான்:

```
பழைய_x =  0.8·x + 0.6·y
பழைய_y = −0.6·x + 0.8·y
```

புதிய படத்தில் (1, −1) என்ற கட்டத்தை எடுப்போம். அதாவது நடுவிலிருந்து ஒரு கட்டம் வலம், ஒரு கட்டம் மேலே. கணக்கிட்டால் பழைய படத்தில் (0.2, −1.4) என்ற இடம் கிடைக்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்த இடத்தில் பிக்சலே இல்லை. நான்கு பிக்சல்களுக்கு நடுவே எங்கோ இருக்கிறது.

நியரஸ்ட் நெய்பர் யோசிப்பதில்லை. 0.2-க்கு அருகில் 0, −1.4-க்கு அருகில் −1. எனவே (0, −1)-இல் உள்ள 100-ஐ அப்படியே எடுத்து எழுதிவிடுகிறது.

பைலீனியர் சுற்றியுள்ள நான்கு பிக்சல்களையும் கேட்கிறது. எது நெருக்கமோ அதன் பேச்சுக்கு அதிக எடை. கிடைவாட்டில் 0.2 என்ற இடம் 0-ஐ ஒட்டி இருப்பதால் அதற்கு 0.8 பங்கு, 1-க்கு 0.2 பங்கு. நெடுவாட்டில் −1-க்கு 0.6, −2-க்கு 0.4. இவற்றைப் பெருக்கினால் நான்கு பிக்சல்களின் எடையும் கிடைக்கும்:

```
(0,−1): 0.8 × 0.6 = 0.48   மதிப்பு 100
(1,−1): 0.2 × 0.6 = 0.12   மதிப்பு 0
(0,−2): 0.8 × 0.4 = 0.32   மதிப்பு 100
(1,−2): 0.2 × 0.4 = 0.08   மதிப்பு 0
```

48-உம் 32-உம் சேர்ந்து 80. அதே கட்டத்துக்கு ஒரு முறை 100 தருகிறது, மற்றது 80 தருகிறது.

இதன் இடப்பக்கத்துக் கட்டம் (0, −1). அது போய்ச் சேரும் இடம் (−0.6, −0.8). நியரஸ்ட் நெய்பர் −0.6-ஐ −1 ஆக்கிவிடுவதால் கோட்டைத் தவறவிட்டு 0 எழுதுகிறது. பைலீனியர் 40 எழுதுகிறது. இனி வலது மேல்மூலை (2, −2). அது போய்ச் சேரும் (0.4, −2.8) படத்தின் எல்லைக்கே வெளியே இருக்கிறது. வெளியே எல்லாம் கறுப்பு என்று கொண்டால் நியரஸ்ட் நெய்பர் 0 தரும். பைலீனியருக்கு உள்ளே இருக்கும் (0, −2) மட்டும் 0.6 × 0.2 எடையுடன் கைகொடுக்க, 12 கிடைக்கும். இப்படியே 25 கட்டங்களையும் முடித்தால், முதலில் நியரஸ்ட் நெய்பர்:

```
0    0    0  100    0
0    0    0  100    0
0    0  100    0    0
0  100    0    0    0
0  100    0    0    0
```

அடுத்து பைலீனியர்:

```
 0   0    0  48  12
 0   0   40  80   0
 0  20  100  20   0
 0  80   40   0   0
12  48    0   0   0
```

முதலாவதில் கோடு படிக்கட்டாகிவிட்டது. ஆனால் 0, 100 தவிர வேறு எண் நுழையவில்லை. இரண்டாவதில் படிக்கட்டு மறைந்து ஓரங்கள் குழைந்திருக்கின்றன. ஆனால் பழைய படத்தில் இல்லவே இல்லாத 12, 20, 40, 48, 80 பிறந்துவிட்டன. மேலிருந்து இரண்டாவது வரிசையைப் பாருங்கள். அந்த உயரத்தில் சாய்ந்த கோடு உண்மையில் 0.75 என்ற இடத்தைக் கடக்க வேண்டும். நியரஸ்ட் நெய்பர் அதை 1-க்குத் தள்ளிவிட்டது. பைலீனியர் தந்த 40, 80 இரண்டின் எடைமையம் 0.67, உண்மைக்கு அது மிக நெருக்கம். ஒன்று எண்ணைக் காப்பாற்றி இடத்தை நகர்த்துகிறது. மற்றது இடத்தைக் கூடுமானவரை காப்பாற்ற எண்ணை மாற்றுகிறது. இந்த இரண்டில் எதை இழக்கலாம் என்பது படத்தைப் பொறுத்தது.

பைலீனியர் கோட்டில் இன்னொரு குறையும் தெரிகிறது. நடுவில் 100 இருக்க, அடுத்த வரிசையில் மிகப் பிரகாசமான பிக்சலே 80-தான். ஒரே சீரான வெளிச்சமுள்ள மெல்லிய கோடு, திருப்பிய பிறகு பிரகாசமும் மங்கலும் மாறி மாறித் தெரியும். பின்னோக்கிப் போகும் இடம் பிக்சலின் மேல் சரியாக விழுந்தால் பிரகாசம், இடையில் விழுந்தால் மங்கல்.

இந்த மங்கல் சேர்ந்துகொண்டே போகும். மேலே கிடைத்த பைலீனியர் படத்தை அதே கோணத்தில் எதிர்த்திசையில் திருப்பினால் பழைய கோடு மீளுமா என்று (0, −1)-ஐக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 இருந்த இடத்தில் 61.6 வருகிறது. இரு பக்கத்திலும் 0 இருந்த இடத்தில் 19.2. போனது திரும்பவில்லை. ஆகவே ஒரு படத்தை முதலில் 7 பாகை, பிறகு 3 பாகை என்று திருத்திக்கொண்டே போகக் கூடாது. மூலப்படத்தை எடுத்து 10 பாகை ஒரே தடவையில் திருப்ப வேண்டும். 90, 180 பாகை மட்டும் விதிவிலக்கு. அங்கே கட்டம் கட்டத்தின் மேலேயே விழுவதால் எந்த முறையும் தேவையில்லை.

புகைப்படத்துக்குப் பைலீனியரின் குழைவே நல்லது. எண் என்பது வெளிச்சமாக இல்லாமல் ஒரு பெயராக இருக்கும் இடத்தில் அதுவே பொய் சொல்லத் தொடங்கும். செயற்கைக்கோள் படத்திலிருந்து தயாரித்த நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் 1 என்றால் நீர், 2 என்றால் வயல், 3 என்றால் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையை ஒட்டி ஒரு கட்டடம். பைலீனியரால் திருப்பினால் இரண்டுக்கும் இடைப்பட்ட கட்டத்தில் 1-உம் 3-உம் சேர்ந்து 2 வந்து உட்காரும். இல்லாத வயல் ஒன்று முளைத்துவிடும். 1.4 போன்ற எண் வந்தால் பிழை என்று உடனே பிடித்துவிடலாம். சரியாக 2 வந்தாலோ, முழு எண்ணாக்கி 2 ஆனாலோ யார் கண்ணிலும் படாது. மருத்துவ ஸ்கேனில் கட்டியின் எல்லையைக் குறிக்கும் முகமூடிப் படங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. இத்தகைய படங்களுக்கு நியரஸ்ட் நெய்பர்தான் சரி. ஓரம் படிக்கட்டானாலும் பரவாயில்லை.

மென்பொருள்கள் இதில் ஒத்துப்போவதில்லை. பைதானின் பில்லோவில் `rotate` எதுவும் சொல்லாவிட்டால் நியரஸ்ட் நெய்பரை எடுக்கும். ஓப்பன்சிவியின் `warpAffine` பைலீனியரை எடுக்கும். அதனால் முறையை நீங்களே எழுதிக் கொடுங்கள். பெயர்ப்படங்களைத் திருப்புவதற்கு முன்னும் பின்னும் இந்த ஒரு வரியை ஓட்டிப் பாருங்கள்:

```
print(np.unique(mask))
```

பின்னால் வரும் பட்டியலில் வெளிப்பகுதியை நிரப்பிய எண் தவிர வேறு புதிய எண் ஒன்று இருந்தாலும் அந்தப் படத்தைப் பயன்படுத்தாதீர்கள்.