ஐம்பது வரை சொல்கிறாள், நாலு தெரியவில்லை

குழந்தைகள் எண்களை ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு தட்டும் பதினைந்து புளியங்கொட்டையும் போதும்.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் ஒரு சிறுமி. ஐம்பது வரை மளமளவென்று சொல்வாள். தட்டில் உள்ள ஐந்து கொட்டைகளை விரல் வைத்து எண்ணிவிட்டு, “மொத்தம் ஐந்து” என்கிறாள். ஆசிரியருக்குத் திருப்தி. ஆனால் கடைசியாகச் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொன்னால் போதும் என்பது பழக்கத்தில் வந்துவிடும். எனவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: “எனக்கு நாலு கொட்டை எடுத்துக் கொடும்மா.”

அவள் ஒரு கை அள்ளிக் கொடுக்கிறாள். எண்ணிப் பார்க்கச் சொன்னால் ஏழு வரை சரியாக எண்ணுகிறாள். “அப்போ நாலுதானா?” என்றால் தலையாட்டுகிறாள். அறிகுறி இதுதான். ஒன்றும் இரண்டும் கேட்டால் சரியாகக் கொடுக்கிறாள். மூன்றிலிருந்து அள்ளல் தொடங்குகிறது.

அமெரிக்க உளவியலாளர் கரேன் வின் 1990இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிக் கேட்டுத்தான் பார்த்தார். பிள்ளைகள் முதலில் ஒன்றை மட்டும் அறிகிறார்கள், பல மாதம் கழித்து இரண்டை, பிறகு மூன்றை. அதற்குப் பிறகுதான் விஷயமே பிடிபடுகிறது: எண்ணி முடிக்கும் சொல்லே மொத்தத்தின் அளவு. அது பிடிபட்டதும் ஐந்து, ஆறு, ஏழு என்று தனித்தனியே கற்க வேண்டியதில்லை. பெரும்பாலும் நான்கு வயதை ஒட்டி இது நடந்துவிடும். எனவே மூன்று வயதுப் பிள்ளை அள்ளிக் கொடுத்தால் கவலையே வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளை கொடுத்தால் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்வது, நூறு வரை எழுதி வரச் சொல்வது. அதனால் பயன் இல்லை; அவளுக்கு வராதது எண்களின் வரிசை அல்ல. இரண்டு தெரிந்தவளுக்கு மூன்றைத்தான் காட்ட வேண்டும். முதலில் மொத்தத்தைச் சொல்லுங்கள்: “இதோ மூணு கொட்டை.” உடனே எண்ணுங்கள்: “ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு கொட்டை.” மொத்தத்தைச் சொல்வதும் எண்ணுவதும் ஒரே மூச்சில் வர வேண்டும். பிறகு மூன்று கரண்டி, மூன்று கைதட்டல். கொட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு, “இப்பவும் மூணுதானா?” என்று கேளுங்கள். பல பிள்ளைகள் இங்கே தடுமாறுவார்கள். வேறு வேறு நாளில் கேட்டும் மூன்று சரியாக வந்த பிறகே நாலுக்குப் போகலாம்.

சில வாரம் இப்படிச் செய்தும் நகரவில்லை என்றால் முதலில் காதும் கண்ணும் சரியா, பள்ளிக்கு ஒழுங்காக வருகிறாளா, வீட்டில் பேசும் மொழி எது என்று பாருங்கள். அதற்குப் பிறகு சிறப்பாசிரியரிடம் அனுப்பலாம். ‘டிஸ்கால்குலியா’ என்று நீங்களாகப் பெயர் சூட்ட வேண்டாம். ஒரு தட்டுக் கொட்டையை வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

இன்னொன்று: இந்தச் சோதனையை வகுப்பு முழுவதும் பார்க்க நடத்தாதீர்கள். பக்கத்துப் பிள்ளை விரலைக் காட்டிவிடும். தனியாக உட்கார வைத்து, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.