31 லாட் தாமதம், யார் கணக்கில்?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிற கம்பெனிகளில் பல துணிக்குத் தாங்களே சாயம் போடுவதில்லை. பின்னிய துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பி, கூலி கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. வருடம் முடிந்ததும் பட்டறைக்காரரை உட்காரவைத்து, எது நன்றாக இருந்தது, எதைத் திருத்த வேண்டும் என்று சொல்ல வேண்டும். பல இடங்களில் அது டீ குடிப்பதோடு முடிந்துவிடும்: "எல்லாம் நல்லாத்தானுங்க போகுது, டெலிவரிய மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க." அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த வருடமும் இதே டீ, இதே வாக்கியம்.

ஒரு கணக்கு வைத்துப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான். வருடத்தில் 212 லாட் போனது, 31 லாட் தாமதமாக வந்தது. மெர்ச்சன்டைசர் இந்த 31-ஐ அப்படியே கடிதத்தில் எழுதினால் பட்டறைக்காரர் மேலே படிக்கமாட்டார். அதில் எத்தனை லாட் யாரால் தாமதமானது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே, அழைப்பதற்கு முன்பே டெலிவரி சலான்களையும் பழைய மெயில்களையும் எடுத்துவைத்துத் தன் பக்கத்துத் தவறைக் கழிக்க வேண்டும். 12 லாட்டில் லேப் டிப்புக்கு, அதாவது சாயக்காரர் முதலில் அனுப்பும் சின்ன மாதிரித் துணிக்கு, ஒப்புதல் தர நாமே தாமதித்திருக்கிறோம். 8 லாட்டில் பின்னிய துணியே பிந்திப் போயிருக்கிறது. அவர் கணக்கில் நிற்பது 11 மட்டும்.

இந்தப் பதினொன்றைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். 9 லாட் கருப்பும் நேவியும். ஒரே சமயத்தில் குவிந்தவை. பருத்தியில் அடர்நிறம் பிடிக்க உப்பு நிறைய வேண்டும், ஒட்டாத சாயம் போக அலசலும் கூடுதலாக வேண்டும். அந்த உப்புத் தண்ணீரை வெளியே விடமுடியாது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் தொழிலே நடத்த முடியும். சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் வாங்குமோ, அன்றைக்கு அவ்வளவு கருப்புதான். அப்படியானால் "டெலிவரியில் கவனம் தேவை" என்று எழுதுவதில் பொருளே இல்லை. "அடர்நிறம் ஒரு நாளைக்கு எத்தனை லாட் முடியும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், முடியாததை ஏற்காதீர்கள், எங்கள் அடர்நிறத் திட்டத்தை மூன்று வாரம் முன்பே தருகிறோம்" என்று எழுதினால், அவர் செய்ய ஒரு வேலை இருக்கிறது. நமக்கும் ஒன்று.

இரண்டாவது குறை ரிப். டி-சர்ட்டின் உடல் துணியும் கழுத்து ரிப்பும் ஒரே லாட்டில் சாயமாக வேண்டும். தனித்தனியாகப் போட்டால், கடை விளக்கில் ஒன்றாகத் தெரிவது வெயிலில் இரண்டாகத் தெரியும். இதைச் சொல்லும்போது லாட் எண்ணையும் வெட்டி வைத்த துணித்துண்டையும் மேஜைமேல் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால், "ஏனுங்க, அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே?" என்று கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. வருடாந்திரப் பேச்சில் எந்தக் குறையும் முதல் தடவையாக அவர் காதில் விழக்கூடாது.

பாராட்டையும் இதே கறாரோடு எழுத வேண்டும் என்பது என் கட்சி. "சிறப்பான சேவை" என்றால் அவர் எதைத் தொடர்வது? "வெளிர் நிறங்களில் அநேகமாக எல்லாமே முதல் தடவையிலேயே ஷேடு ஒத்து வந்தது, மறுசாயம் போட்டது மூன்றே லாட். மெஷின் பழுதான இரண்டு தடவையும் நாங்கள் கேட்பதற்கு முன்பே போன் வந்தது." ஆள் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்கும் நாளில், லேப்பில் இருக்கும் பையனைத் தூக்கக்கூடாது என்பது அவருக்கு இதிலிருந்துதான் தெரியும்.

கூலியைக் குறைக்கும் பேச்சை அதே நாளில் எடுக்கவே கூடாது. எடுத்தால், அதுவரை சொன்ன குறையெல்லாம் பேரம் பேசப் போட்ட பீடிகையாகிவிடும். பாக்கி நின்றாலும் அப்படித்தான். பட்டறை, சிறு நிறுவனமாகப் பதிவானது என்றால், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். 90 நாள் பாக்கியை வைத்துக்கொண்டு நான்கு நாள் தாமதத்தைக் குற்றம் சொன்னால் எதிரில் இருப்பவர் சிரிக்காமல் இருப்பதே பெரிய மரியாதை.

நேரில் பேசியதை ஒரு பக்கக் கடிதமாக அந்த வாரமே அனுப்ப வேண்டும். அதில் நம் பக்கத்து வேலையும் இருக்கட்டும்: லேப் டிப் ஒப்புதல் மூன்று வேலை நாளுக்குள். ஒரு நகல் டையிங் மாஸ்டருக்கும் போகவேண்டும். முதலாளி கடிதத்தைப் படித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிடுவார். எந்த லாட்டை எந்த மெஷினில் ஏற்றுவது என்று ராத்திரி ஷிப்டில் முடிவு செய்பவர் மாஸ்டர்தான்.