இரத்த அழுத்தம்: அளப்பதும் அடுத்துச் செய்வதும்

நமது சுகாதார அமைச்சும் மலேசிய மருத்துவக் கழகமும் மலேசிய உயர் இரத்த அழுத்தச் சங்கமும் சேர்ந்து, உயர் இரத்த அழுத்தச் சிகிச்சைக்கான வழிகாட்டி நூலின் ஐந்தாம் பதிப்பை 2018-ஆம் ஆண்டில் வெளியிட்டன. அது மருத்துவர்களுக்காக எழுதப்பட்ட தடித்த நூல். சிரம்பான் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வருவோரை முதலில் சந்திப்பவர் சுகாதார கிளினிக்கின் தாதியே ஆதலால், அவர் கைக்கு உரிய பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். தம் கையில் பட்டை சுற்றப்படும்போது நடப்பது யாது என்பதைத் தோட்டத்து வாசகர்களும் இதனால் அறியலாம்.

இந்த நோய்க்குப் பெரும்பாலும் வெளி அடையாளம் கிடையாது. தலைவலியும் மயக்கமும் இல்லாமலேயே ஆண்டுக்கணக்கில் அழுத்தம் உயர்ந்திருக்கக்கூடும். ஆகவே கருவி காட்டும் எண்ணே நமக்குள்ள ஒரே சாட்சி. அச்சாட்சி பொய்த்தால் அதன்மேல் எடுக்கும் முடிவும் பொய்க்கும்.

எனவே முதற்படி, சரியாக அளப்பது. வந்தவர் ஐந்து நிமிடமேனும் நாற்காலியில் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். கால்மேல் கால் போடலாகாது. முந்திய அரைமணி நேரத்தில் காப்பியோ சிகரெட்டோ கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் அழுத்தம் ஏறும். ஆதலால் போய்வரச் சொல்லிப் பிறகே அளக்க வேண்டும். கை மேசைமேல், இதயத்தின் உயரத்தில் தங்க வேண்டும். கை தொங்கினால் எண் உயரும். அளக்கும்போது பேசினாலும் உயரும். பட்டையைச் சட்டைக் கையின்மேல் சுற்றாமல் வெறுங்கையில் சுற்ற வேண்டும். பட்டையினுள் உள்ள காற்றுப்பை கைச்சுற்றளவில் நூற்றுக்கு எண்பது பங்கையாவது வளைக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால், இல்லாத நோயையும் கருவி காட்டிவிடும்.

முதல் வருகையில் இரு கைகளிலும் அளந்து, எந்தக் கையில் அதிகமோ அந்தக் கையையே இனி எப்போதும் பயன்படுத்த வேண்டும். ஒரு நிமிட இடைவெளிவிட்டு அதே கையில் மீண்டும் அளந்து, இரண்டின் சராசரியை அட்டையில் எழுத வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் 52 வயது அம்மையார் ஒருவர் வருகிறார் என்று கொள்வோம். வெயிலில் நடந்து வந்தவர். வழியில் காப்பியும் அருந்தியவர். வந்தவுடன் சட்டைக் கையின்மேல் சாதாரணப் பட்டையைச் சுற்றி அளந்ததில் 172/104 என்று வருகிறது. தாதி அதனை ஏற்காமல் அவரை அரைமணி நேரம் அமரச் செய்கிறார். கைச்சுற்றளவு 36 சென்டிமீட்டர் இருக்கக் கண்டு, பெரிய பட்டையை எடுக்கிறார். இப்போது வலக்கையில் 158/94, இடக்கையில் 152/92. வலக்கையில் மறுமுறை 154/92. வலக்கையின் சராசரி 156/93. அம்மையாருக்கு அழுத்தம் இருப்பது மெய்யே. ஆனால் முதலில் தோன்றிய அளவுக்கு இல்லை.

இரண்டாம் படி, அந்த எண் கேட்பதைச் செய்வது. கிளினிக்கில் 140/90 அல்லது அதற்கு மேலிருந்தால் உயர் அழுத்தம் எனலாம். மேல் எண், கீழ் எண் ஆகிய இரண்டில் ஒன்று எல்லையைத் தாண்டினாலும் போதும். ஆயினும் இலேசான உயர்வை ஒரே நாள் அளவைக் கொண்டு முடிவு செய்வதில்லை. 160/100-க்குக் கீழிருந்தால் இரண்டு மாதத்திற்குள் மீண்டும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதற்கு மேலிருந்தால் ஒரு மாதத்திற்குள். வெள்ளைச் சீருடையைக் கண்டதும் சிலருக்கு அழுத்தம் ஏறுவதுண்டு. அத்தகையவர் வீட்டுக் கருவியில் காலையும் மாலையும் ஒரு வாரம் அளந்து எழுதி வரலாம். வீட்டில் எல்லை 135/85 ஆகும்.

180/110-க்கு மேலிருந்தால் வழி வேறு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் தளர்ச்சி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், மனக்குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று கூடவே இருந்தால் அது அவசர நிலை. உடனே மருத்துவரை அழைத்து, துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். குறி ஒன்றும் இல்லையெனில், அமைதியான அறையில் இளைப்பாற விட்டு மீண்டும் அளந்து, அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முற்காலத்தில் நிபெடிபின் மருந்தை நாக்கின் கீழ் விட்டு அழுத்தத்தை மளமளவென இறக்குவது வழக்கம். அது இப்போது விலக்கப்பட்டுவிட்டது. திடீரென இறங்கினால் மூளைக்கும் இதயத்திற்கும் இரத்தம் குறைந்து, பக்கவாதமோ மாரடைப்போ நேரலாம்.

நமது அம்மையார் இரு வாரம் கழித்து வருகிறார். அளவு 152/94, பிறகு 148/90, சராசரி 150/92. நோய் உறுதியாயிற்று. மருத்துவர் பார்க்குமுன் தாதி சேகரிக்க வேண்டியவை சில உள. இரத்தத்தில் சர்க்கரை, சிறுநீரில் புரதம், எடை, புகை, மது, குடும்பத்தில் பக்கவாதம் கண்டவர் உண்டா என்பன அவை. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளைப் பற்றியும் கேட்க வேண்டும். அவற்றுள் பல அழுத்தத்தை ஏற்றுபவை. கருத்தரிக்கும் வயதுடையவரிடம் கர்ப்பம் பற்றிக் கேட்பது கட்டாயம்; சில அழுத்த மாத்திரைகள் சிசுவுக்குக் கேடு செய்யும். இவ்வளவு அழுத்தமுள்ளவர் வேறு ஆபத்து இல்லாதவராயின், சில மாதம் உணவையும் நடையையும் திருத்திப் பார்க்கலாம். அம்மையாருக்கோ இனிப்புநீர் இருப்பது தெரிய வருகிறது. ஆகவே மருத்துவர் தாமதியாமல் அம்லோடிபின் தொடங்கி, 30 மாத்திரை தருகிறார். உப்பு நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும் எனத் தாதி விளக்குகிறார். கருவாடு, ஊறுகாய், கீச்சாப், பெலாச்சான் ஆகியவற்றில் உள்ள உப்பும் அந்தக் கணக்கில் சேரும்.

மூன்றாம் படியிலேதான் பலரும் தவறுகிறார்கள். 28 நாள் கழித்து அம்மையாரின் அளவு 154/92, குறையவே இல்லை. மருந்து போதவில்லை என்று மருத்துவரிடம் சொல்லுமுன், தாதி மாத்திரைப் பையைக் கேட்டு எண்ணுகிறார். இரண்டு மிஞ்ச வேண்டிய இடத்தில் பதின்மூன்று இருக்கின்றன. ஆக, பதினொரு நாள் மாத்திரை உட்கொள்ளப்படவில்லை. “தலை வலித்த நாளில் மட்டும் போட்டேன், மிஸ்ஸி” என்கிறார் அம்மையார். இதை அறியாமல் அளவைக் கூட்டியிருந்தால், பின்னொரு நாள் அவர் ஒழுங்காக உட்கொள்ளத் தொடங்கும்போது அழுத்தம் மிகத் தாழ்ந்து மயங்கி விழவும் கூடும்.

தாதி அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வலி இல்லாத நாளிலும் அழுத்தம் இருக்கிறது என்பதை அட்டையிலுள்ள எண்களைக் காட்டியே விளக்குகிறார். விடியலில் வேலைக்குக் கிளம்புமுன் பல் துலக்கும் நேரத்தை மாத்திரைக்கு உரிய நேரமாகக் குறித்துக் கொடுக்கிறார். கிளினிக்கிற்கு வரும் நாளிலும் மாத்திரையை விடலாகாது என்கிறார். கணுக்கால் வீங்கினால் தாமாக நிறுத்திவிடாமல் வந்து சொல்லுமாறும் கூறுகிறார். அம்லோடிபின் சிலருக்கு அவ்வாறு செய்யும். மருத்துவர் வேறு மருந்து மாற்றித் தருவார். பெரின்டோபிரில் போன்றவை சிலருக்கு வறட்டு இருமலைத் தரும்; அதற்கும் இதே வழி.

அடுத்த மாதம் அதே கையில், அதே பட்டையால் அளந்தபோது 136/82. பொதுவாக 140/90-க்குக் கீழே கொண்டுவருவதே நோக்கம். இனிப்புநீர் உள்ளவருக்கு அதனினும் தாழ்ந்த எல்லையை மருத்துவர் குறிப்பார். அந்த எல்லையை எட்டிய பின்னும் மாத்திரை தொடர வேண்டும். எண் இறங்கியிருப்பது மாத்திரையின் பயனாகும். ஆகவே ஒவ்வொரு வருகையிலும் அட்டையில் நான்கு குறிப்புகள் இருத்தல் வேண்டும்: அளந்த கை, பட்டையின் அளவு, சராசரி எண், மிஞ்சிய மாத்திரைகள். நோயாளி வேறு தோட்டத்திற்கு மாறிச் சென்றாலும், அங்குள்ள தாதி இந்த நான்கையும் கொண்டே விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.